மூக்கு நிழலைப் பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு போட்டோ. நம்ம பொருள் பாக்கெட்டில் ஒட்டுற போட்டோ, வியாபார வாட்ஸ்அப்பில் வைக்கிற போட்டோ, கண்காட்சிக் கடையில் பேரோடு மாட்டி வைக்கிற போட்டோ. அந்த மாதிரி ஒரு முகப்படம் தொழில் செய்யுற ஒரு பெண்ணோட படம் மாதிரி இருக்கா, இல்லை ஏதோ அவசரத்துல எடுத்த மாதிரி இருக்கான்னு எப்படிப் பார்த்துச் சொல்றதுன்னு பேசச் சொன்னாங்க. பத்தாவது முடிச்சதுல இருந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் டவுன்ல ஒரு ஸ்டுடியோவில வேலை பார்த்தேன். குடை லைட்டைத் தள்ளி வைக்கிறது, வர்றவங்க முந்தானையைச் சரி பண்ணி ஸ்டூல்ல உட்கார வைக்கிறது, இதுதான் என் வேலை. அங்க பார்த்ததைத்தான் இப்ப செல்போன்ல செஞ்சுக்கிட்டு இருக்கேன். அதனால என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க.

நம்ம கூட்டமைப்புல சத்துமாவும் இட்லிப் பொடியும் செய்யுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க, ஆனா அவங்க கதையைச் சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க. பாக்கெட்டுக்குப் புது லேபிள் அடிக்கணும். டவுன்ல ஒரு மளிகைக் கடைக்காரர் மாசாமாசம் எடுத்துக்குறேன்னு சொல்லி, பொருள் படத்தையும் செய்யுறவங்க படத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லியிருந்தார். அக்கா என்கிட்ட வந்து, "என் மூஞ்சி எதுக்கு, மகாலட்சுமி படத்தைப் போட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. ஏன்க்கான்னு கேட்டா போனைத் திறந்து காட்டுறாங்க. நாலு படம் இருந்துச்சு. நாலுலயும் நான் கோவக்காரி மாதிரி, நோயாளி மாதிரி இருக்கேன், என் மூஞ்சியே அப்படித்தான்னு சொன்னாங்க. அவங்க மூஞ்சி அப்படி இல்லை. உங்க எல்லாருக்கும் அவங்களைத் தெரியும். அந்த நாலு படத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

முதல் படம் களத்துல எடுத்தது. உச்சி வெயில். மாவு அரைக்க வறுத்த தானியத்தைக் காயப் போட்டுட்டு நிமிரும்போது மகன் எடுத்திருக்கான். படத்துல அக்காவோட கண் இருக்குற இடத்துல ரெண்டு கறுப்புக் குழிதான் தெரியுது. மூக்குக்குக் கீழே ஒரு நிழல் நேரா உதட்டு மேல இறங்கி, மீசை மாதிரி கிடக்குது. சிரிக்காதீங்க, உங்க போன்லயும் அப்படி ஒரு படம் இருக்கும். வெயில் வேணாம்னு கண்ணைச் சுருக்கியிருக்காங்க, நெத்தியில கோடு விழுந்திருக்கு. இதைத்தான் அவங்க கோவம்னு நினைச்சுக்கிட்டாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம். எந்த முகப்படத்தைப் பார்த்தாலும் முதல்ல மூக்கு நிழலைப் பாருங்க. வெளிச்சம் எங்கே இருந்து வந்துச்சுன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும். நிழல் நேரா கீழே இறங்கினா, வெளிச்சம் தலைக்கு மேலே. அப்போ புருவம் குடை மாதிரி நின்னு கண்ணை மறைச்சிருக்கும். உச்சி வெயில்ல மட்டும் இல்லை, நடு வீட்டுல எரியுற பல்புக்கு நேர் கீழே நின்னாலும் இதேதான். நிழல் மூக்குல இருந்து மேலே போனா வெளிச்சம் கீழே இருந்து வந்திருக்கு. அடுப்பு வெளிச்சத்துல எடுத்த படம் பேய்ப் படம் மாதிரி இருக்குறது அதனாலதான். நிழலே இல்லாம முகம் தட்டையா, தோசைக்கல்லு மாதிரி இருந்தா, வெளிச்சம் கேமரா பக்கத்துல இருந்தே நேரா வந்திருக்கு. போன்ல பிளாஷ் அடிச்சு எடுத்தா அப்படித்தான் வரும். நெத்தியும் மூக்கு நுனியும் எண்ணெய் தடவின மாதிரி மின்னும், பின்னால சுவத்துல அழுத்தமா ஒரு கறுப்பு நிழல் ஒட்டியிருக்கும்.

நமக்கு வேணுங்குறது, மூக்கு நிழல் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, கொஞ்சம் கீழே இறங்கி, உதட்டைத் தொடாம கன்னத்தோரம் சின்னதா நிக்குற மாதிரி. அப்போ வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருந்து வந்திருக்குன்னு அர்த்தம். முகம் தட்டையாகவும் இருக்காது, குழியாகவும் இருக்காது. அந்த நிழல் இன்னும் நீண்டு கன்னத்து நிழலோட சேர்ந்துட்டா, இருட்டுப் பக்கக் கன்னத்துல கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமா நிக்கும். ஸ்டுடியோக்காரங்க அதை ரெம்ப்ராண்ட் லைட்டுன்னு சொல்வாங்க. 17-ஆம் நூற்றாண்டுல ஹாலந்து நாட்டுல இருந்த ஓவியர் ஒருத்தர் பேர் அது. அவர் வரைஞ்ச முகங்கள்ல அந்த மாதிரி வெளிச்சம் இருக்குமாம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா சத்துமாவு பாக்கெட்டுல, கட்டை விரல் அளவு படத்துல அது பாதி முகம் இல்லாத மாதிரி தெரியும். நமக்குச் சின்ன நிழலே போதும்.

ரெண்டாவது, கண்ணுக்குள்ள இருக்குற வெள்ளைப் பொட்டு. போட்டோவை ரெண்டு விரலால விரிச்சுக் கருவிழியைப் பாருங்க. ஜன்னலோ வாசலோ லைட்டோ அதுக்குள்ள சின்ன வெள்ளைப் புள்ளியாத் தெரியணும். அந்தப் புள்ளி இருந்தா முகத்துக்கு உயிர் இருக்கும். இல்லாட்டி, எவ்வளவு சிரிச்சிருந்தாலும் தூங்கி எழுந்த மாதிரிதான். கருவிழியைக் கடிகாரம்னு வச்சுக்கிட்டா, புள்ளி பத்து மணி இடத்துலயோ ரெண்டு மணி இடத்துலயோ இருக்கணும். களத்துப் படத்துல அக்கா கண்ணை விரிச்சுப் பார்த்தேன், புள்ளியே இல்லை.

ரெண்டாவது படம் அடுப்படியில. அக்காவுக்குப் பின்னால ஜன்னல். ஜன்னல் பளீர்னு வெள்ளையா இருக்கு, அக்கா முகம் கரி. இது அக்கா நிறத்தால வந்தது இல்லை. போன் என்ன செய்யும்னா, மொத்தப் படத்தையும் பார்த்து, ரொம்ப வெளிச்சமா இருக்குன்னு நினைச்சா எல்லாத்தையும் சேர்த்துக் குறைச்சுடும். ஜன்னலுக்காகக் குறைச்சதுல முகமும் சேர்ந்து இருண்டு போச்சு. இதே போன், கறுப்புக் கதவு முன்னாடி நின்னா இருட்டுன்னு நினைச்சுக் கூட்டிடும், அப்போ முகம் வெளுத்துப் போயிடும். இதுக்கு மருந்து சுலபம். திரையில முகத்து மேல விரலால ஒரு தட்டு தட்டுங்க. நிறைய போன்ல பக்கத்துல ஒரு சூரியன் படம் வரும், அதை மேலே கீழே இழுத்தா வெளிச்சம் கூடும், குறையும். கன்னத்துல வெளிச்சம் படுற இடம் வெள்ளைத் திட்டா இல்லாம தோல் நிறமாவே தெரியுற வரைக்கும் இறக்கணும். அந்த அடுப்படிப் படத்துல இன்னொண்ணும் இருந்துச்சு: மேலே மஞ்சள் பல்பு எரியுது, ஜன்னல்ல இருந்து பகல் வெளிச்சம். ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். பகல்ல எடுக்கும்போது வீட்டு லைட்டை அணைச்சுடுங்க. ஒரே வகை வெளிச்சம்தான் இருக்கணும்.

மூணாவது படம் செல்ஃபி. வெளிச்சம் பரவாயில்லை, வாசத் திண்ணையில உட்கார்ந்து எடுத்திருக்காங்க. ஆனா மூக்கு பெருசா, காது ரெண்டும் ஓடிப் போன மாதிரி இருந்துச்சு. கை நீட்டி எடுத்தா போனுக்கும் முகத்துக்கும் ஒன்றரை அடிதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல நாலஞ்சு அங்குலம் இருக்கு. அவ்வளவு கிட்ட இருந்து பார்க்கும்போது அந்த அஞ்சு அங்குலம் பெரிய தூரம். கிட்ட இருக்குற மூக்கு பெருசாவும் தள்ளி இருக்குற காது சின்னதாவும் தெரியும். ஆறடி தள்ளி நின்னா அந்த அஞ்சு அங்குலம் ஒரு கணக்கே இல்லை, முகம் நாம நேர்ல பார்க்குற மாதிரி வரும். அதனால வேற ஒருத்தர் எடுக்கணும், ஆறடி தள்ளி நின்னு எடுக்கணும். முகம் சின்னதாத் தெரிஞ்சா கிட்ட போகாதீங்க, திரையில 2x-னு இருக்குறதைத் தொடுங்க. இல்லாட்டி எடுத்த பிறகு வெட்டிக்கலாம். முன் கேமராவை விடப் பின் கேமராதான் பெரும்பாலான போன்ல தெளிவு.

நாலாவது படம் ஒரு ஸ்டுடியோவில எடுத்தது. எந்த ஸ்டுடியோன்னு சொல்லலை. லைட்டு நல்லா வச்சிருக்காங்க, மூக்கு நிழலும் சரி, கண்ணுல புள்ளியும் இருக்கு. அப்புறம் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து முகத்தை வெள்ளை அடிச்சிருக்காங்க! முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மடியில இருக்குற கை இன்னொரு நிறம். இந்த மாதிரி படத்தைக் கண்டுபிடிக்க முகத்தையும் கையையும் சேர்த்துப் பாருங்க, காதோரத்தையும் கழுத்தையும் பாருங்க. தோல்ல இருக்குற துவாரம், சின்னச் சின்ன சுருக்கம் எல்லாம் போய் மெழுகு பொம்மை மாதிரி இருந்தாலும் அதே வேலைதான். நம்ம போன்லயே அழகு பண்ற பில்டர் நாம கேட்காமலே போட்டு வச்சிருக்கும். கேமராவைத் திறந்து முகம் போட்ட குறி ஒண்ணு இருக்கும், அதுல போய் பூஜ்யத்துல வைங்க. கண்காட்சிக் கடையில பாக்கெட்டுப் படத்தையும் பின்னால நிக்குற அக்காவையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டாங்களாம். அந்தப் படத்தை அக்கா அதுக்கப்புறம் எடுத்துட்டாங்க. தொழில் செய்யுறவங்க படம்னா, படத்தைப் பார்த்துட்டு வந்தவர் நம்ம ஆளை உடனே அடையாளம் கண்டுக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச அளவுகோல். நம்ம நிறத்துல இருக்குறவங்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டித் தள்ளுறது மருந்து இல்லை. பெரிய வாசல் மாதிரி அகலமான வெளிச்சம் பக்கத்துல இருந்து வந்தா, கன்னத்து மேடு, தாடை எல்லாம் மெல்லிசா மின்னி எடுப்பாத் தெரியும்.

சரி, அக்காவுக்கு எப்படி எடுத்தோம்னு சொல்றேன். அவங்களுது ஓட்டு வீடு, கிழக்குப் பார்த்த வாசல். நான் போனது காலை ஒன்பதரை மணி. முன்வாசல்ல வெயில் நேரா உள்ளே விழுந்துக்கிட்டு இருந்துச்சு. நேர் வெயில் ஆகாது, நிழலோட ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கும். அதனால பின்கட்டு வாசலுக்குப் போனோம். அங்க வெயில் இல்லை, வானத்து வெளிச்சம் மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம்னா முன்வாசலைப் பயன்படுத்தியிருப்பேன். வடக்குப் பார்த்த வாசல் இருக்குறவங்களுக்கு முக்கால்வாசி நாள் இந்தக் கவலையே இல்லை.

வாசல்ல இருந்து மூணடி உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்கார வச்சேன். ஏன் உட்கார வச்சேன்னா, நம்ம பின்வாசல் உயரம் கம்மி. நின்னா தலை நிலைப்படி உயரத்துக்குப் பக்கத்துல வந்துடும், வெளிச்சம் முகத்துக்குக் கீழே இருந்துதான் வரும். உட்கார்ந்தா வாசலோட மேல் பாதி முகத்துக்கு மேலே இருக்கும். பிறகு நான் வாசலுக்குள்ள நிக்கலை, அதை அடைச்சுட்டா வெளிச்சம் போயிடும். வாசல் என் இடது கைப் பக்கம் இருக்குற மாதிரி, பக்கத்துச் சுவத்துல முதுகை ஒட்டி நின்னேன். அக்காவுக்கு அது வலது பக்கம். அங்க இருந்து அஞ்சு ஆறு அடி வந்துச்சு.

முதல் படம் எடுத்து விரிச்சுப் பார்த்தேன். கண்ணுல புள்ளி பத்து மணியில இருக்கு, வாசல் வடிவமே தெரியுது. ஆனா மூக்கு நிழல் குறுக்கே நீண்டு கன்னத்துல போய்ச் சேர்ந்துடுச்சு, இடது பக்கக் காது இருட்டுல காணோம். வெளிச்சம் ரொம்பப் பக்கவாட்டுல வருதுன்னு அர்த்தம். ஸ்டூலை ஒரு அடி பின்னால தள்ளினேன். அப்போ வாசல் அவங்களுக்குப் பக்கவாட்டுல இல்லாம கொஞ்சம் எதிர்ப்பக்கமா வந்துச்சு. நிழல் குறுகிடுச்சு. இருட்டுப் பக்கத்துக்கு அக்காவோட மருமகள் ஒரு வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு, படத்துல தெரியாத மாதிரி ரெண்டடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. வாசல் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்துல விழுந்துச்சு. ஸ்டுடியோவில இதுக்குத் தெர்மகோல் அட்டை வச்சிருந்தோம். கலர்த் துணி பிடிக்காதீங்க, பச்சைச் சேலையைப் பிடிச்சா கன்னமும் பச்சையாகும்.

பின்னால என்ன இருக்குன்னும் பார்த்தோம். காலண்டர், சுவிட்சுப் பெட்டி, கொடியில தொங்குற துணி. தலைக்கு நேர் பின்னால ஒரு ஆணி இருந்தாக் கூட, படத்துல தலையில இருந்து முளைச்ச மாதிரி இருக்கும். காலண்டரைக் கழட்டினோம், துணியை எடுத்தோம். சுவரு ஆறடி தள்ளி இருந்ததால வெளிச்சம் அங்க போய்ச் சேரும்போது மங்கிடுச்சு, அக்கா தனியா எடுத்துத் தெரிஞ்சாங்க. சுவத்துல சாய்ஞ்சு நின்னிருந்தா இது வராது. போன்ல பின்னணியை மங்கலாக்குற போர்ட்ரெய்ட் வசதி இருக்கே, அதைப் போடலாமான்னு பையன் கேட்டான். போட்டுப் பார்த்தோம். தலையில வச்ச மல்லிப்பூவுல பாதியையும் காதுல தொங்குன ஜிமிக்கி ஓரத்தையும் சேர்த்து மங்க அடிச்சுடுச்சு. உங்க படத்துல அந்த வசதி போட்டிருந்தா முடி, பூ, ஜிமிக்கி ஓரங்களைக் கட்டாயம் விரிச்சுப் பாருங்க.

இனி உட்காருற விதம். ஆதார், பாஸ்போர்ட்டு, வங்கிக் கணக்கு இதுக்கெல்லாம் நேராத்தான் பார்க்கணும், தோள் ரெண்டும் சமமா இருக்கணும், பின்னால வெள்ளையா இருக்கணும். அது அடையாளத்துக்கு. அதே மாதிரி நேரா உட்கார்ந்து பாக்கெட்டுக்கு எடுத்தா விறைப்பா இருக்கும், உடம்பு அகலமாத் தெரியும். அதனால முட்டியையும் தோளையும் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பி உட்காரச் சொன்னேன். முழுசாப் பக்கவாட்டுல இல்லை; வாசலுக்கும் எனக்கும் நடுவுல. முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டு வரணும். இப்படி உட்கார்ந்தா அக்காவோட இடது தோள் முன்னால வரும், முந்தானை மடிப்பு அதுலதான் இருக்கு, அதனால அதை நீவிப் பின் குத்திட்டோம்.

அடுத்தது தாடை. போட்டோன்னதும் நாம எல்லாரும் தாடையை உள்ளே இழுத்துக்குறோம், கழுத்துல ரெண்டு மடிப்பு விழுது. அக்காகிட்ட, ஆமை ஓட்டுல இருந்து தலையை நீட்டுற மாதிரி நெத்தியை முன்னால கொண்டு வாங்க, அப்புறம் தாடையை ஒரு நூல் இறக்குங்கன்னு சொன்னேன். உட்கார்ந்திருக்குறவங்களுக்கு அசிங்கமா இருக்குற மாதிரி தோணும், எதிரே இருந்து பார்த்தா தாடைக் கோடு தெளிவாத் தெரியும். மூக்குக் கண்ணாடி போட்டவங்களுக்கு இந்தச் சின்ன இறக்கமே கண்ணாடியில தெரியுற வெள்ளைப் பளபளப்பையும் குறைச்சுடும். அப்பவும் போகலைன்னா, கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேலே ஒரு நூல் தூக்கி வைங்க, கண்ணாடி கீழே பார்க்கும்.

போனை எந்த உயரத்துல பிடிக்கிறோம்னு நாம கவனிக்கிறதே இல்லை. அக்கா உட்கார்ந்திருக்காங்க, நான் நின்னுக்கிட்டு எடுத்தா மேலே இருந்து பார்க்குற மாதிரி இருக்கும். கண்ணு மேலே தூக்கி, யாருகிட்டயோ கடன் கேட்குற மாதிரி வரும். தரையில உட்கார்ந்து எடுத்தா மூக்குத் துவாரமும் தாடைக்கு அடியும்தான் முன்னால நிக்கும். நான் முட்டி போட்டு, போன் அக்கா கண்ணு உயரத்துக்கு நேரா வர்ற மாதிரி பிடிச்சேன். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மூக்குத் துவாரம் ரெண்டும் முழுசாத் தெரிஞ்சா கேமரா கீழே இருந்திருக்கு. உச்சி வகிடு முழுசாத் தெரிஞ்சா மேலே இருந்திருக்கு.

சிரிப்புதான் கடைசியில கஷ்டம். "சிரிங்கக்கா"ன்னா உதடு மட்டும் விரியும், கண்ணு பயந்துக்கிட்டே இருக்கும். உதட்டைக் கையால மறைச்சுட்டுப் படத்துல கண்ணை மட்டும் பாருங்க; கீழ் இமை கொஞ்சம் ஏறி, ஓரத்துல சுருக்கம் விழுந்திருந்தா அது நிஜச் சிரிப்பு. நான் சிரிக்கச் சொல்லலை. "கேழ்வரகை எத்தனை நேரம் முளை கட்டுவீங்க?"ன்னு கேட்டேன். கை ரெண்டையும் ஆட்டிக்கிட்டு, ராத்திரி ஊற வச்சு, துணியில கட்டி, ஈரம் காயாமப் பார்த்துன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சொல்லி முடிச்சு மூச்சு விட்டு என்னைப் பார்த்த நேரத்துல நாலஞ்சு தடவை தட்டினேன். பேசிக்கிட்டு இருக்கும்போது எடுத்தா வாய் கோணும், முடிக்கிற நேரத்துக்குக் காத்திருக்கணும். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலையைப் பத்திக் கேட்டதால முகத்துல பயம் போயிடுச்சு.

பவுடர் பத்தி ஒரு வார்த்தை. நெத்தி மின்னுதுன்னு பவுடர் அப்பாதீங்க, படத்துல சாம்பல் பூத்த மாதிரி வரும். பருத்தித் துணியால நெத்தி, மூக்கு, மேல் உதடு மூணையும் ஒத்தி எடுத்தாப் போதும். போன் கேமராக் கண்ணாடியையும் அதே துணியோட சுத்தமான ஓரத்துல துடைச்சுடுங்க. நம்ம போன்ல எண்ணெய்க் கை படாத நாளே இல்லை. படம் பனி மூடின மாதிரி இருந்தாப் பாதி நேரம் அதுதான் காரணம்.

மொத்தம் இருபத்தெட்டுப் படம் எடுத்தோம். அதுல கண்ணு மூடினது, வாய் கோணினது போக ஆறு மிஞ்சுச்சு. அந்த ஆறையும் பெருசாக்கிப் பார்க்காம, வாட்ஸ்அப்ல தெரியுற அந்தச் சின்ன வட்டம் அளவுக்கு வச்சுக் கையை நீட்டிப் பிடிச்சுப் பார்த்தோம். அந்த அளவுல ரெண்டுலதான் கண்ணு தெளிவாத் தெரிஞ்சுச்சு. வட்டத்துக்குள்ள நாலு மூலையும் போயிடும், அதனால தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, முகம் வட்டத்துல பாதிக்கு மேலே நிறையுற மாதிரி, நெஞ்சுக்கு மேலே வெட்டினோம். முழு ஆளையும் காட்டணும்னு நினைச்சா முகம் மிளகு அளவுதான் இருக்கும். அந்த ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண மருமகளைக் கேட்டோம். அது ஒரு நொடியில கை காட்டுச்சு, "இதுதான் அத்தை சந்தையில நிக்குற மாதிரி இருக்கு"ன்னு.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினாப் படம் சுருங்கிப் போகும். Document-னு இருக்குறதை அழுத்தி அது வழியா அனுப்பினா எடுத்த அளவுலயே போய்ச் சேரும். அச்சடிச்ச முதல் லேபிளை மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கிப் பார்த்துடுங்க. திரையில தெரியுறதை விடக் காகிதத்துல கொஞ்சம் இருட்டாத்தான் வரும். அக்காவோடது அப்படித்தான் வந்துச்சு, ஒரு சுத்து வெளிச்சம் கூட்டி மறுபடி அனுப்பினோம். இப்ப அந்த லேபிள் ஒட்டின பாக்கெட்டு வெளியில மூணாவது மேசையில இருக்கு. மகாலட்சுமி இல்லை, அக்காதான் இருக்காங்க.

இந்த மண்டபத்துக்கு வடக்குப் பக்கம் ஒரு வாசல் இருக்கு, காலையிலயே பார்த்து வச்சுட்டேன். சாப்பாடு முடிஞ்சதும் ஒரு ஸ்டூலும் வெள்ளை வேட்டியும் எடுத்துக்கிட்டு நான் அங்க இருப்பேன். பாக்கெட்டுக்கோ வாட்ஸ்அப்புக்கோ படம் வேணுங்குறவங்க போனில் சார்ஜ் வச்சுக்கிட்டு வாங்க. ஏற்கெனவே இருக்குற படத்தைக் காட்டணும்னாலும் வாங்க, மூக்கு நிழலைச் சேர்ந்து பார்ப்போம். மூணரை மணிக்கு மேலே அந்தப் பக்கம் மரத்து நிழல் விழுந்து வெளிச்சம் குறைஞ்சுடும், அதுக்குள்ள வந்துடுங்க.